எங்கே நிறுத்திப் பேசுவது? தோல் கம்பெனி பாதுகாப்புப் பேச்சுக்கு மூன்று வழிகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வடாற்காட்டுத் தோல் கம்பெனிகளில் எங்கு போனாலும் தமிழ் தெரியாத தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன் பாதுகாப்பு அதிகாரி தமிழில் பேசுவார். பக்கத்தில் ஒரு சூப்பர்வைசர் நின்று அதை இந்தியில் சொல்வார். அவர் மொழிபெயர்ப்பு படித்தவர் இல்லை. வீட்டில் உருது, தெருவில் தமிழ் என்று வளர்ந்தவர். “பாய், நீங்களே சொல்லிடுங்க” என்று யாரோ ஒருநாள் சொன்னதிலிருந்து இந்த வேலை அவர் தலையில் விழுந்திருக்கும்.

நானும் அப்படி வந்தவன்தான். இப்போது இதையே தொழிலாகச் செய்கிறேன். பேச வரும் அதிகாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “எவ்வளவு பேசிட்டு நிறுத்தணும்?” என்பது. இதற்கு மூன்று பதில்கள் உண்டு. வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தலாம். ஒரு சேதி முழுதாக முடிந்ததும், அதாவது இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தலாம். அல்லது நான்கைந்து நிமிடம் தொடர்ந்து பேசி முடித்து, மொழிபெயர்ப்பாளர் குறிப்பைப் பார்த்து மொத்தமாகச் சொல்லும்படி விடலாம். மைக்கும் ஹெட்போனும் வைத்துக் கூடவே சொல்லிக்கொண்டு போகும் முறையும் இருக்கிறது. தோல் பதப்படுத்தும் டிரம் ஓடுகிற சத்தத்தில், ஒரு பழகாத ஆளை வைத்துக்கொண்டு அதை நினைத்துப் பார்க்கக்கூட வேண்டாம்.

எது நல்லது என்று பொதுவாகப் பேசினால் பிடிபடாது. அதனால் ஒரே பேச்சை எடுத்துக்கொண்டு மூன்று வழியிலும் ஓட்டிப் பார்ப்போம். கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்கும் வேலை பற்றிய பேச்சு. விஷயம் இதுதான். தோலிலிருந்து முடி கழல்வதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் போகும் வழியில் தோலை ஆசிட்டில் ஊறவைக்கும் பிக்கிள் டிரம்மின் தண்ணீரும் வந்து சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பி.பி.எம். அளவுக்குப் போய்விட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதே அளவில்தான் அது உடனடியாக உயிருக்கு ஆபத்து என்ற கணக்கும் தொடங்குகிறது. நாற்றம் தெரியாத இடம்தான் மோசமான இடமாக இருக்கலாம் என்பது எந்த மொழியில் சொன்னாலும் கேட்பவர் மனதில் உடனே உட்காராது. மொழிபெயர்ப்பவர் மனதிலும் உட்காராது. நான் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

அதிகாரி தன் போக்கில் பேசினால் இப்படி வரும்:

“தொட்டில அடைப்பு எடுக்கப் போகும்போது மூடியைத் தொறந்து, புளோயர் போட்டு, வாயு மீட்டர் வெச்சுப் பார்த்து, பெல்ட்டு போட்டு கயிறு கட்டி, மேல ஒரு ஆளை நிக்க வெச்சு, பெர்மிட்ல கையெழுத்து ஆன பிறகுதான் இறங்கணும், நாத்தம் இல்லையேன்னு இறங்கிடக் கூடாது, மீட்டர் 10 காட்டினா கத்தும், உடனே மேல வந்துடணும், ஒருத்தர் விழுந்துட்டா காப்பாத்தறேன்னு இன்னொருத்தர் இறங்கக் கூடாது.”

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. செய்து, வைத்து, கட்டி என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினையில் முடிப்பதுதான் நம் பேச்சு வழக்கு. சிக்கல் நிறுத்தும் இடத்தில் வருகிறது.

முதல் வழி, வாக்கியத்துக்கு வாக்கியம். நம் ஊர் ஜெபக்கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இது பழக்கமான காட்சி. பிரசங்கியார் ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்தில் இருப்பவர் தமிழில் ஒரு வரி, இருவர் குரலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். கூட்டத்துக்கே அதில் ஒரு வேகம் கிடைக்கும். அங்கே அது நன்றாக நடப்பதற்குக் காரணம், பல வருடம் சேர்ந்து நின்றவர்கள் அவர்கள். அடுத்த வரி எங்கே போகும் என்று மொழிபெயர்ப்பவருக்குப் பாதி தெரியும், வேத வசனம் இரு மொழியிலும் மனப்பாடம். தோல் கம்பெனியில் அப்படி எதுவும் இல்லை.

இந்த வழியின் லாபம் எண்கள் தவறாது என்பது. படிக்காமல் இந்த வேலைக்கு வந்த ஒருவர் தலையிலிருந்து முதலில் நழுவுவது எண். அதன் பிறகு பட்டியல். அப்புறம் ‘இப்படி இருந்தால்’ என்ற நிபந்தனை. பொதுவான கருத்தும் கதையும்தான் கடைசிவரை தங்கும். ஒரே ஒரு வரியைச் சொல்லி நிறுத்தினால் நழுவுவதற்கு நேரமே கிடையாது. அந்த வகையில் இது பத்திரமான வழிதான்.

ஆனால் மேடையில் நிற்கும் அதிகாரிக்கு எது வாக்கியம்? மூச்சு விடும் இடத்தையெல்லாம் வாக்கியம் முடிந்ததாக எடுத்துக்கொள்வார். “நாத்தம் இல்லையேன்னு...” என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க இடம் கொடுப்பதாக நினைத்து நிறுத்துவார். இந்தியும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் மொழி என்பதால், அந்தப் பாதி வாக்கியத்தை அப்படியே பாதியாக இந்தியில் சொல்லிவிட முடியும். ஆனால் எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாதியில் நிற்க யாருக்கும் மனம் வராது. சூப்பர்வைசர் மீதியைத் தானே முடித்துவிடுவார். தனக்குத் தெரிந்த பொது அறிவைக் கொண்டுதான் முடிப்பார். நாற்றம் இல்லையென்றால் இறங்கலாம் என்பதுதான் உலக வழக்கம். அதிகாரி அடுத்த மூச்சில் “இறங்கிடக் கூடாது” என்று முடிக்கும்போது, சொன்னதைத் திருப்பிப் பிடுங்கத் தைரியம் வேண்டும். பலர் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

வாக்கியம் முழுதாக முடிந்த பிறகே நிறுத்துகிற அதிகாரிக்கும் இதில் ஒரு தொல்லை உண்டு. தனி வரியில் காரணம் இருக்காது. “நாத்தம் நின்னுடும்” என்று மட்டும் கேட்டால் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாது. குரலை எப்படி வைப்பது என்றும் தெரியாது. நல்ல செய்தி சொல்லும் குரலில் அவர் சொல்லிவிட்டால், பின்னால் வரும் எச்சரிக்கை அந்தக் குரலோடு சண்டை போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

மூன்றாவது வழியை இரண்டாவதற்கு முன் பார்த்துவிடலாம், அது சீக்கிரம் முடிந்துவிடும். நான்கைந்து நிமிடமோ அதற்கு மேலோ ஒருவர் பேச, மற்றவர் குறிப்பெடுத்து முழுவதையும் திருப்பிச் சொல்வது மரியாதைக்குரிய பழைய கலை. 1919 பாரிஸ் சமாதான மாநாட்டில் பால் மாந்து என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் பெரிய தலைவர்களுக்கு இப்படித்தான் சொன்னார். அதற்கென்று குறிப்பெடுக்கும் முறை இருக்கிறது. வார்த்தைகளை எழுதாமல் கருத்தை எழுதுவது, பக்கத்தில் நெடுக்காகக் கீழிறங்கி எழுதுவது, ‘ஆனால்’, ‘அதனால்’ போன்ற இணைப்புகளை விடாமல் ஓரத்தில் குறிப்பது என்று போகும். பழகினவர் கையில் இது பேச்சாளரின் ஓட்டத்தைக் கொஞ்சமும் கெடுக்காது. ஆயுத பூஜை அன்று முதலாளி பேசும் வாழ்த்துரைக்கோ, ஓய்வு பெறுபவரைப் பற்றிப் பழைய கதை சொல்வதற்கோ அதுதான் அழகு. துண்டு துண்டாக வெட்டினால் கதை செத்துவிடும்.

தொட்டிப் பேச்சுக்கு இது சரிப்படாது. பழகாத சூப்பர்வைசர் நான்கு நிமிடம் கேட்டுவிட்டு நாற்பது விநாடியில் முடிப்பார். “ஜாக்கிரதையா வேலை செய்யணும்னு சார் சொல்றாரு” என்பதுதான் அதன் சாரமாக இருக்கும். இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் மீட்டர், 10, பெர்மிட், கயிறு எல்லாம் காணாமல் போயிருக்கும். இன்னொன்று, தமிழ் தெரியாத ஆட்கள் நான்கு நிமிடம் புரியாத பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் போன் வெளியே வந்துவிடும். இந்தி தொடங்கும்போது பாதிப் பேரின் கவனம் திரும்பி வராது.

ஆக என் ஓட்டு நடு வழிக்கு. ஒரு சேதி, அதன் காரணம், இரண்டும் முடிந்ததும் நிறுத்து. இரண்டு அல்லது மூன்று சிறு வாக்கியம், இருபது இருபத்தைந்து விநாடி. வாக்கியங்களை எண்ணுவதைவிட, நிறுத்தும் இடத்தில் கேட்பவருக்கு ஒரு முழு விஷயம் கையில் கிடைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். மேலே சொன்ன அதே பேச்சை இப்படி வெட்டலாம்:

“தொட்டிக்குள்ள ஒரு வாயு இருக்கு. அது ஆளைக் கொல்லும். காத்தைவிடக் கனம், அதனால அடியிலயே தங்கும்.”

“கொஞ்சமா இருந்தா முட்டை அழுகின நாத்தம் அடிக்கும். நிறைய ஆனா மூக்கு மரத்துடும், நாத்தமே தெரியாது. அதனால மூக்கை நம்பாதீங்க.”

“மீட்டரைத்தான் நம்பணும். மீட்டர் 10 காட்டினா கத்தும். கத்தினா வேலையை அப்படியே போட்டுட்டு மேல வந்துடணும்.”

“பெர்மிட்ல கையெழுத்து ஆகாம யாரும் இறங்கக் கூடாது.”

“இறங்கறவர் பெல்ட்டு போட்டு கயிறு கட்டியிருக்கணும். கயிறைப் பிடிச்சுக்கிட்டு மேல ஒருத்தர் கண்டிப்பா நிக்கணும்.”

“உள்ள ஒருத்தர் விழுந்துட்டா நீங்க இறங்கக் கூடாது. கூடப் பிறந்தவரா இருந்தாலும் இறங்கக் கூடாது. மேலேர்ந்து கயிறை இழுங்க, சத்தம் போடுங்க.”

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். இரண்டாவது துண்டில் உலக வழக்கத்துக்கு மாறான சேதியும் அதற்கான காரணமும் ஒரே மூச்சில் இருக்கின்றன. “மூக்கு மரத்துடும்” என்பதைக் கேட்ட பிறகு, நாற்றம் தெரியாவிட்டால் இறங்கலாம் என்று சூப்பர்வைசரே முடித்துவைக்க வழியில்லை. மூன்றாவது துண்டில் மட்டும் ஒரு எண் வருகிறது. ஒரு துண்டுக்கு ஒரு எண்தான் என்று வைத்துக்கொண்டால் போதும், அதையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. நான்காவது துண்டு ஒரே வரி. இங்கே நான் வேண்டுமென்றே முதல் வழிக்கு இறங்குகிறேன். தடை உத்தரவு தனியாக நிற்கட்டும். அதற்கு முன்னும் பின்னும் வேறு எதையும் ஒட்டினால் அதன் எடை குறைந்துவிடும்.

புளோயரும் மூடியும் எங்கே போயின என்று கேட்பீர்கள். அவற்றைத் தொழிலாளிகள் செய்வதில்லை. பெர்மிட் எழுதுபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கும்போதுதான் எந்த வரி யாருக்கு என்பது தெரியவரும். தமிழில் ஒரே ஓட்டமாகப் பேசும்போது எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம்.

கடைசித் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. விழுந்தவரைத் தூக்கப் போய் அடுத்தவரும், அவரைத் தூக்கப் போய் அதற்கடுத்தவரும் போய்விடுவது இந்த மாதிரி விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதைச் சொல்லும்போது மொழிபெயர்ப்பவருக்கு நாக்கு கூசும். காப்பாற்றாதே என்று சொல்வது போல் இருக்கிறதே என்று, “முடிஞ்சா உதவி பண்ணுங்க” என்று மென்மையாக்கிவிடுவார். அதனால்தான் செய்யக் கூடாததும் செய்ய வேண்டியதும் ஒரே துண்டில் இருக்கின்றன. “இறங்காதே” என்பதோடு நிறுத்தினால் அவர் எதையாவது சேர்ப்பார். “கயிறை இழு” என்று நாமே கொடுத்துவிட்டால் அவருக்குச் சேர்க்க இடமிருக்காது.

விதிவிலக்குக்கும் இதே கதைதான். “யாரும் இறங்கக் கூடாது” என்று நிறுத்தி, அதை இந்தியில் சொல்லி முடித்த பிறகு, “பெர்மிட் இருந்தா மட்டும்...” என்று தொடங்கினால், முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். விதிவிலக்கு விதியோடு ஒரே துண்டில் போக வேண்டும், முடிந்தால் விதிக்கு முன்னாலேயே. தமிழில் நிபந்தனையை முன்னால் வைப்பது இயல்பு என்பதால் நமக்கு இது கஷ்டமில்லை. ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள்தான் நிபந்தனையை வாலில் ஒட்டுவார்கள். வெளிநாட்டு பையர் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பேசும்போது, அவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த வழிக்கு விலை இருக்கிறது. நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஷிஃப்ட் தொடங்கும் முன் உங்களுக்கு இருபது நிமிடம் கிடைத்தால் உங்கள் தமிழுக்கு ஒன்பது நிமிடம்தான். அதற்கு மேல் எழுதி வந்தால் கடைசிப் பகுதி ஓடும், ஓடும்போது துண்டு நீளும். முக்கியமான சேதியைக் கடைசிக்கு வைத்திருப்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இன்னொரு விலை, பேச்சாளர் முன்னாலேயே உட்கார்ந்து எழுத வேண்டும். மனதிலிருந்து பேசிக்கொண்டே சரியான இடத்தில் நிறுத்த யாராலும் நெடுநேரம் முடியாது. முதல் இரண்டு நிமிடம் ஒழுங்காக நிறுத்துவார்கள். பேச்சு சூடு பிடித்ததும் துண்டு அரை நிமிடமாகும், ஒரு நிமிடமாகும், பக்கத்தில் ஆள் நிற்பதே மறந்துபோகும். தாளில் சிவப்பு மையால் நிறுத்துமிடங்களில் கோடு போட்டுக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து. அந்தத் தாளின் நகல் ஒன்று முந்தின நாளே சூப்பர்வைசர் கைக்குப் போய்விட்டால், பெர்மிட்டை இந்தியில் எப்படிச் சொல்வது என்ற யோசனையெல்லாம் அவர் வீட்டிலேயே முடித்துவிட்டு வருவார்.

சிலர் ஒரு படி மேலே போய், தாளையே கொடுத்து “நீங்களே இந்தியில படிச்சுடுங்க” என்பார்கள். நேரம் பாதியாகும், உண்மைதான். ஆனால் அதிகாரி வாயைத் திறக்காமல் நின்றால், உத்தரவு சூப்பர்வைசருடையது என்று ஆகிவிடுகிறது. நாளை அதே சூப்பர்வைசர் வேலை அவசரத்தில் “பரவாயில்லை இறங்கு” என்று சொன்னால் அதற்கும் அதே எடைதான் இருக்கும். அதனால் அதிகாரி தன் வாயால் சொல்வதுதான் நல்லது என்பது என் எண்ணம். கேட்பவர்களில் பலருக்குச் சொல் புரியாவிட்டாலும் முகம் புரியும்.

நிறுத்தும் விதத்திலும் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். துண்டு முடியும்போது குரலை இறக்கி, அரை அடி பின்னால் நகர்ந்துவிடுங்கள். சூப்பர்வைசர் வாய் மூடும்வரை தொடங்காதீர்கள். “சரியா?”, “புரியுதா?” என்று துண்டின் வாலில் ஒட்டாதீர்கள், அவர் அதையும் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார். துண்டு நீண்டுவிட்டால் கையைத் தூக்கி நிறுத்த அவருக்கு முன்கூட்டியே அனுமதி கொடுங்கள். சாரை நிறுத்துவது மரியாதை இல்லை என்று அவர் நினைப்பார், நீங்கள்தான் அந்தக் கூச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

நடக்கிறதா இல்லையா என்பது இந்தி தெரியாதவருக்கும் தெரியும். இரண்டு மொழியின் நீளத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருங்கள். நீங்கள் இருபத்தைந்து விநாடி பேசி அவர் எட்டு விநாடியில் முடித்தால் ஏதோ விழுந்துவிட்டது. நீங்கள் ஒரு வரி சொல்லி அவர் அரை நிமிடம் பேசினால் தன் சரக்கைச் சேர்க்கிறார். நீங்கள் சொன்ன எண்ணும், மீட்டர், பெர்மிட் போன்ற சொற்களும் இந்தியிலும் அப்படியேதான் காதில் விழும். விழவில்லையென்றால் அங்கேயே கேளுங்கள். அவர் “ஸார் போல் ரஹே ஹை” என்று தொடங்க ஆரம்பித்தால் களைத்துவிட்டார் என்று அர்த்தம். சொல்வதை விட்டுவிட்டு, சொன்னதைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். துண்டைப் பாதியாக்குங்கள், இல்லையென்றால் தண்ணீர் குடிக்கச் சொல்லி இரண்டு நிமிடம் விடுங்கள்.

கேட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு வேறு சோதனை. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். முன் வரிசையை விட்டுவிட்டு நடுவில் நிற்கும் ஒருவரிடம், “தொட்டியில நாத்தம் வரலை, என்ன பண்ணுவீங்க?” என்று சூப்பர்வைசர் மூலமாகக் கேளுங்கள். “மீட்டர்” என்ற சொல் அவர் வாயிலிருந்து வர வேண்டும். வரவில்லையென்றால் இரண்டாவது துண்டுக்குத் திரும்புங்கள். வேறு வார்த்தை தேடாமல் அதே வாக்கியங்களை அதே இடத்தில் நிறுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த முறை சூப்பர்வைசருக்கு அது பழகிய பாதை.

ஒடியாவோ வங்காளமோ மட்டும் தெரிந்தவர்கள் கூட்டத்தில் இருந்தால் இந்தி கேட்டவர்களில் ஒருவர் அவர்களுக்குத் திருப்பிச் சொல்வார். அப்போது துண்டு இன்னும் சிறியதாக வேண்டும், ஒரு சேதி ஒரு வரி என்ற அளவுக்கு. நேரம் மூன்று மடங்கு ஆகும். அவர்களைத் தனியாக நிறுத்தி வேறு நேரத்தில் பேச முடிந்தால் நான் அதைத்தான் கேட்பேன். முடியாத நாளில் இரண்டாவது, மூன்றாவது, கடைசித் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறுநாளுக்குத் தள்ளிவிடச் சொல்வேன், பேச்சு முழுதாகக் கேட்காத ஆட்களை அதுவரை தொட்டிப் பக்கம் அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு.